விட்டுப்போன வரி

என் மனைவி நாகவல்லிக்குச் சந்தேகப் பேர்வழி என்று எங்கள் நசரத்பேட்டைத் தெருவில் ஒரு பெயர் உண்டு. பூட்டைப் பூட்டுவாள், இழுத்துப் பார்ப்பாள், நாலடி போய்த் திரும்பி வந்து மறுபடியும் இழுப்பாள். பஸ் போய்விடும். நான் கத்துவேன். அவள் அடுத்த பஸ்ஸுக்கு நிற்பாள்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை, பார்த்த வேலை அப்படி. திருமழிசையில் ஸ்விட்ச் செய்யும் ஒரு கம்பெனியில் அவள் கடைசிச் சோதனையில் இருந்தாள். ஸ்விட்ச் வேலை செய்கிறது என்பது கண்ணுக்குத் தெரிந்தாலும், அட்டையில் எழுதியிருக்கிற எல்லாச் சோதனையையும் முதலிலிருந்து செய்தாக வேண்டும். ஆறு சோதனையில் தேறி ஏழாவதில் போனால் அது ஓட்டை ஸ்விட்ச்தான். அந்தப் புத்தி கையிலேயே ஊறிப்போய்விட்டது.

எண்பத்தொன்பதாம் வருஷம் அவள் பேங்க் கிளார்க் பரீட்சை எழுதினாள். மூன்றாவது தடவை. அடுத்த வருஷம் வயது தாண்டிவிடும், அவ்வளவுதான். அதே நேரத்தில் கம்பெனியில் இன்னொன்றை நீட்டினார்கள். ஓசூரில் புதிதாக யூனிட் திறக்கிறார்கள், அங்கே வருகிறவர்களுக்கு வேலை நிரந்தரம். ஆனால் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டு, ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளையும் அவர்களிடமே கொடுத்துவிட வேண்டும். வராதவர்களுக்கு இங்கே வேலை இருக்குமா என்று கேட்டால், சூப்பர்வைசர் கோவிந்தன் கூரையைப் பார்ப்பார். பரீட்சை ஞாயிற்றுக்கிழமை. கையெழுத்து திங்கட்கிழமை காலை.

ஓசூர் போனால் எங்கள் இரண்டு வயதுப் பெண் பொன்னியை அங்கே யார் பார்த்துக்கொள்வது? என் லேத் பட்டறை பூந்தமல்லியில். இங்கேயாவது பக்கத்து வீட்டு ஜமீலா அக்கா குழந்தையை வைத்துக்கொள்கிறார். அவள் கையெழுத்துப் போட்டால் வீடு இரண்டாகிவிடும். சர்டிபிகேட்டும் கம்பெனியிடம் போய்விட்டால், நாளைக்கு பேங்க்கில் கூப்பிட்டாலும் எதைக் காட்டுவது? கையெழுத்துப் போடாமல் பரீட்சையும் போய்விட்டால் இந்த வேலையும் இல்லை, அந்த வேலையும் இல்லை. எனக்குப் பயமாக இருந்தது. அதை அவளிடம் காட்டாமல் கோபமாகக் காட்டினேன்.

ஆவடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பரீட்சை. வெளியே வெயிலில் நான் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றேன். வெளியே வந்தவள் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. “நல்லாதான் பண்ணிகீறேன்யா. அந்த பெஞ்ச் கணக்கு அஞ்சும் கரெக்ட்டு. அது இருந்தா கரையேறிடலாம்” என்றாள். அந்தத் தெளிவு பத்து நிமிஷம்கூட நிற்கவில்லை.

எதிரே டீக்கடையில் அவளோடு பூந்தமல்லி டுடோரியலில் படித்தவர்கள் நின்றிருந்தார்கள். வசந்தா, ஜெயபால், இன்னும் இரண்டு பேர். பெஞ்ச் கணக்கில் வலது கோடியில் யார் என்று ஜெயபால் கேட்டான். கோபு என்றாள் வசந்தா. மற்ற இரண்டு பேரும் கோபு என்றார்கள்.

“பாலு இல்ல?” என்றாள் நாகவல்லி.

நாலு பேரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

வினாத்தாளை வெளியே எடுத்து வர விடமாட்டார்கள். அதனால் ஜெயபால் சிகரெட் அட்டையைக் கிழித்து, நினைவிலிருந்து எழுதினான். ராமு, சோமு, பாலு, கோபு, வேணு என்று ஐந்து பேர், வடக்கே பார்த்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். ராமு நட்ட நடுவில். சோமுவுக்கு அடுத்து வலப்பக்கம் பாலு. ராமுவை ஒட்டி வேணு. இதை வைத்து யார் எங்கே என்று ஐந்து கேள்வி.

“இப்போ பாரு மேடம்” என்றான் ஜெயபால். இடமிருந்து வலமாக சோமு, பாலு, ராமு, வேணு, கோபு என்று எழுதினான். “ராமு நடுவுல கீறானா? கீறான். சோமுக்கு ரைட்ல பாலு? கீறான். ராமுவ ஒட்டி வேணு? கீறான். முடிஞ்சுது. இன்னா தப்பு?”

நாகவல்லி மெல்லச் சொன்னாள், “இன்னொரு வரி இருந்துச்சே. சோமு கோடியில ஒக்காரலன்னு.”

“அப்படி ஒரு வரியே இல்லக்கா” என்றாள் வசந்தா. “நாங்க நாலு பேரும் பாக்காமயா உட்டுட்டோம்?”

நான் அங்கேயே ஜெயபாலை நாலு கேட்டிருப்பேன். ஆனால் என்ன கேட்பது? நான் லேத்காரன். நாலு பேர் ஒரு பக்கம், என் பெண்டாட்டி ஒருத்தி ஒரு பக்கம். எனக்கே அவள் மேல் சந்தேகம் வந்துவிட்டது. ஐந்தும் தப்பென்றால் ஐந்து மார்க் போகும், தப்புக்கென்று கால் கால் மார்க்காக மேலும் குறையும்.

பூந்தமல்லிக்கு பஸ் ஏறினோம். பொன்னி அவள் மடியில் தூங்கிவிட்டது. இறங்கும்போதுதான் சொன்னாள், “நானா ஒரு வரிய கற்பனை பண்ணிட்டேன் போலகீதுய்யா. பயத்துல அப்படி ஆகுமாமே. நாளைக்கு கையெழுத்து போட்டுர்றேன்.”

வீட்டுக்கு வந்ததும் சர்டிபிகேட்டுகளை எடுத்துப் பையில் வைத்தாள். வைத்துவிட்டு வெளியே எடுத்து எண்ணினாள், மறுபடியும் வைத்தாள். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ.

“ஏன்டி, டீக்கடையில அவன் பதில எல்லாரும் சோதிச்சீங்க. உன் பதில எவனாவது சோதிச்சானா? ஊர் ஸ்விட்ச்ச எல்லாம் ஏழு தபா பாக்கற, உன்னுத ஒரு தபா பாக்கமாட்டியா?”

நான் கணக்குத் தெரிந்து சொல்லவில்லை. ஓசூர் வேண்டாம் என்கிற கோபத்தில் சொன்னேன். ஆனால் அவள் பையைக் கீழே வைத்தாள். அடுப்படியிலிருந்து டம்ளர், குவளை, சொம்பு, கிண்ணம், கரண்டி என்று ஐந்து சாமான்களை எடுத்து வந்து தரையில் வரிசையாக வைத்தாள். கிண்ணம் கோபு, கரண்டி வேணு, சொம்பு ராமு, டம்ளர் சோமு, குவளை பாலு. அவள் பரீட்சையில் எழுதிய வரிசை இதுதான்: கோபு, வேணு, ராமு, சோமு, பாலு.

“ராமு நடுவுல. சரி” என்று சொம்பைத் தொட்டாள். “சோமுக்கு ரைட்ல பாலு. சரி. ராமுவ ஒட்டி வேணு. சரி.” கையை எடுத்துக்கொண்டாள். பிறகு சாமான்களை மாற்றி ஜெயபாலின் வரிசையை வைத்தாள். அந்த மூன்று வரிகளையும் மறுபடி கேட்டாள். அதுவும் சரி.

“ரெண்டும் சரியா?” என்றேன். “அது எப்படி?”

“அதான்யா நானும் கேக்கறேன். இந்த மூணு வரிக்கு அவுங்களுதும் ஒத்துக்குது, என்னுதும் ஒத்துக்குது. அப்போ வலது கோடியில யாருன்னு கேட்டா எவனாலயும் சொல்ல முடியாது. சொல்ல முடியாதுன்னு ஒரு ஆப்ஷனும் கெடையாது. அஞ்சு கேள்வி கேட்டுகீறான். ரெண்டுல ஒண்ண தள்ற மாதிரி இன்னொரு வரி இருந்தே ஆவணும்.”

டம்ளரைத் தொட்டுக் காட்டினாள். ஜெயபாலின் வரிசையில் சோமு இடது கோடியில் இருந்தான். அவள் வரிசையில் அவன் உள்ளே இருந்தான். சோமு கோடியில் இல்லை என்ற வரி இருந்தால் ஒன்று விழும், ஒன்று நிற்கும்.

“அப்போ அவங்க நாலு பேரும் எப்படி உட்டாங்க?”

சற்று யோசித்தவள் தலையில் அடித்துக்கொண்டாள். டுடோரியல் தங்கவேல் மாஸ்டர், இல்லை என்று வருகிற வரியை எல்லாம் ஓரமாக வை, அதைக் கடைசியில் பார்க்கலாம் என்றுதான் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்திருந்தார். நேரம் மிச்சமாகும் என்பார். ஓரமாக வைத்தார்கள். மற்ற வரிகளை வைத்து இடப்பக்கத்திலிருந்து நிரப்பிக்கொண்டே போனார்கள். ஐந்து பேருக்கும் இடம் கிடைத்த சந்தோஷத்தில் அடுத்த கணக்குக்கு ஓடிவிட்டார்கள். ஓரமாக வைத்தது ஓரமாகவே போய்விட்டது, நினைவிலும் தங்கவில்லை. நாலு பேர் என்று நான் பயந்தேனே, அது நாலு சாட்சி இல்லை. ஒரே வாத்தியாரின் ஒரே பழக்கம்.

நாகவல்லியும் அந்த வரியை ஓரமாகத்தான் வைத்தாளாம். அவளுக்கும் முதலில் வந்தது சோமு கோடியில் இருந்த வரிசைதானாம். முடித்ததும் கம்பெனி அட்டை மாதிரி முதல் வரியிலிருந்து விரலை வைத்துக் கேட்டுக்கொண்டே வந்திருக்கிறாள். கடைசி வரியில் தேறவில்லை. சோமுவையும் பாலுவையும் வலப்பக்கம் கொண்டுபோய், கோபுவையும் வேணுவையும் இடப்பக்கம் வைத்திருக்கிறாள். சாமானை வைத்துக்கொண்டு சொல்லும்போதுதான் அழித்து எழுதியதே அவளுக்கு நினைவு வந்தது.

இவ்வளவு தெரிந்தும் பயம் போனதா? போகவில்லை. திங்கட்கிழமை காலை நானும் அவளோடு திருமழிசைக்குப் போனேன். வழியில் இரண்டு தடவை, “அந்த வரி நெசமா இருந்துச்சு இல்ல?” என்று என்னையே கேட்டாள், நான்தான் பரீட்சை எழுதியது போல. “இருந்துச்சுமா” என்றேன். கம்பெனி கேட்டில் கோவிந்தன் பேனாவை நீட்டினார். அவள் வாங்கவில்லை.

“யோசிச்சு பாரும்மா. அப்புறம் இங்க வந்து நின்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது” என்றார்.

“யோசிச்சுட்டேன் சார்” என்றாள்.

அடுத்த மாதமே அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அதற்கப்புறம் வந்த மாதங்களை என் பட்டறை வருமானத்தில்தான் தள்ளினோம். தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டால் அவள் கையில் இருக்கிறதை அப்படியே போட்டுவிடுவாள். ஒரு தெரிந்த ஆளைப் போல அந்த சோமுவைத் திட்டினேன் நான். எங்கேயாவது ஒழுங்காக உட்கார்ந்து தொலைத்திருக்கக் கூடாதா அவன்?

கடைசியில் வந்தது. நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு. நான்தான் வாங்கிப் பிரித்தேன். பெயரைப் பார்த்ததும் கத்தினேன். ஜமீலா அக்கா பொன்னியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

நாகவல்லி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “கத்தாதய்யா. நம்பர படி” என்றாள்.

படித்தேன். ஹால் டிக்கெட்டை எடுத்து வந்து ஒவ்வொரு எண்ணாக ஒத்துப் பார்த்தாள். “அப்பா பேரு?” படித்தேன். “பொறந்த தேதி?” படித்தேன். “விலாசம்?” கதவு எண்ணோடு படித்தேன்.

“இன்னும் எதனா வரி கீதா?” என்று கேட்டாள்.

“இல்லடி, அவ்ளோதான்” என்றேன்.

அப்புறம்தான் அழுதாள்.