மூன்றாம் பக்கத்தில் இருந்த சொல்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அம்பத்தூர் எஸ்டேட்டில், வெளிநாட்டுப் பதிப்பாளர்களின் புத்தகங்களைக் கணினியில் ஏற்றித் தரும் அலுவலகத்தில் நான் குழுத்தலைவனாக இருந்தபோது, அந்தக் கோபத்துக்குக் கண்டிப்பு என்று பெயர்.

பழைய கிரேக்க நூல் ஒன்று வந்தது. எங்களில் ஒருவருக்கும் கிரேக்கம் தெரியாது. எழுத்தின் உருவத்தைப் பார்த்து அப்படியே தட்ட வேண்டியதுதான். உயிரெழுத்துகளின் தலைமேல் மூச்சுக்குறி, அழுத்தக்குறி என்று ஒன்றோ இரண்டோ உட்கார்ந்திருக்கும். எது குறி, எது அச்சுத் தூசி என்று பார்த்துப் பார்த்துக் கண் வலிக்கும். வேப்பம்பட்டிலிருந்து ரயிலில் வந்துபோன ஒரு பெண் அதில் கெட்டிக்காரர். அவர் தட்டிய பக்கத்தைத் திரும்பப் பார்க்கத் தேவையில்லை என்று எல்லோரும் சொல்வார்கள். அந்தப் பேரை அவர் பத்திரமாக வைத்திருந்தார்.

கடைசிச் சரிபார்ப்புக்காகப் பதிப்பாளர் ஒரு சொற்பட்டியல் அனுப்பியிருந்தார். அதிலுள்ள ஒவ்வொரு சொல்லும் அந்தந்த அத்தியாயத்தில் இருக்கிறதா என்று என் நிரல் தேடிச் சொல்லும். மற்றவர்களின் அத்தியாயங்கள் தேறின. அவருடையதில் மட்டும் வரிசையாக ‘இல்லை’, ‘இல்லை’ என்று வந்தது. சின்னச் சொற்கள் சில மட்டும் கிடைத்தன. அவை கிடைத்ததால் தேடலில் கோளாறு இல்லை என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன்.

"இத்தனை வார்த்தையை எப்படிம்மா விட்டீங்க?" என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன்.

"நான் வுடல சார். எல்லாம் அதுல கீது. ஒரு நாள் குடுங்க, கண்ணால தேடி எடுத்துக் காட்றேன்."

"மெஷின் இல்லைன்னு சொல்லுது. நீங்க கண்ணால பாப்பீங்களா?"

சாயங்காலத்துக்குள் கோப்பு போயாக வேண்டும் என்ற அவசரம். அத்தியாயத்தை வேறொருவரிடம் கொடுத்துத் திரும்பத் தட்டவைத்தேன். அது தேறியது. அவரைக் கிரேக்கத்திலிருந்து எடுத்துப் பக்க எண் பார்க்கும் வேலையில் போட்டேன். ஒரு மாதம் தலைகுனிந்து வந்துபோனார். அப்புறம் வரவில்லை.

இரண்டு வருடம் கழித்து அலுவலக வேன் பட்டியலில் ‘கொரட்டூர்’ என்று தேடினேன். இல்லை என்றது. ஆனால் கொரட்டூர் என் கண்ணெதிரே, நாலாவது வரியில் இருந்தது. எரிச்சலோடு நோண்டிப் பார்த்தேன். பட்டியலில் ‘கொ’வின் ஒற்றைக்கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாகப் பதிவாகியிருந்தன. நான் தட்டியதில் இரண்டும் சேர்ந்து ஒரே குறி. திரையில் துளி வித்தியாசம் தெரியாது. தேடல் திரையைப் பார்ப்பதில்லை, ஒவ்வொரு குறிக்கும் உள்ளே இருக்கும் எண்ணைத்தான் ஒப்பிடுகிறது.

அந்தப் பெண்ணின் பழைய கிரேக்கக் கோப்பைச் சேமிப்பிலிருந்து தேடி எடுத்தேன். மற்றவர்கள் குறியோடு சேர்ந்த எழுத்தை, கணினியின் எழுத்து அட்டவணையிலிருந்து முழுசாக எடுத்துப் போட்டிருந்தார்கள். பதிப்பாளரின் பட்டியலும் அப்படித்தான். அவர் மட்டும் வெறும் எழுத்து, பிறகு மூச்சுக்குறி, பிறகு அழுத்தக்குறி என்று மூன்றாகத் தட்டியிருந்தார். அன்று கிடைத்த சின்னச் சொற்களின் தலையில் குறியே கிடையாது. இரண்டு பக்கத்தையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட்டுத் தேடியிருந்தால் போதும். அதற்கு நார்மலைசேஷன் என்று பெயர். என் நிரலில் ஒரே ஒரு வரி சேர்த்தால் முடிகிற வேலை.

அந்த வரியைச் சேர்த்து ஓட்டினேன். எல்லாச் சொற்களும் கிடைத்தன. இரண்டு குறிகளில் எது முன்னால் என்பதை ஓரிடத்தில் மாற்றிப் போட்டிருந்தாலும் அந்தச் சொல் பட்டியலோடு பொருந்தியிருக்காது. அவர் ஓரிடத்தில்கூட மாற்றவில்லை. பட்டியலில் அந்த அத்தியாயத்துக்கான முதல் சொல் மூன்றாம் பக்கத்திலேயே இருந்தது. அன்று மூன்று பக்கம் புரட்டியிருந்தால் நானே பார்த்திருப்பேன். கழிப்பறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

முகப்பேரில் ஒரு பள்ளி அலுவலகத்தில் இருக்கிறார் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு போனேன். மதிப்பெண்களைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தார். தாளில் ஒரு ஸ்கேலை வைத்து, ஒரு வரியைத் தட்டிவிட்டு, விரலால் தொட்டு இன்னொரு முறை படித்து, அப்புறம்தான் அடுத்த வரிக்கு நகர்த்தினார். முன்பெல்லாம் அவருக்கு ஸ்கேல் தேவைப்பட்டதில்லை.

நடந்ததைச் சொன்னேன். "தப்பு என்னோடதும்மா. நீங்க ஒண்ணுகூட விடல" என்றேன்.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மொத ரெண்டு நாளு நான் வுடலன்னுதான் சார் நெனச்சிகினு இருந்தேன்" என்றார். "அப்பறம் மெஷினே சொல்லுதே, நாமதான் வுட்டுட்டோம் போலன்னு நானும் நம்பிட்டேன். அதுலேர்ந்து எத எழுதினாலும் ரெண்டு வாட்டி பாக்காம கை நவுராது."

"இனிமே வேணாம்மா."

"செரிங்க சார்" என்றார். டீ சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். வேண்டாம் என்று எழுந்தேன். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். ஸ்கேலை அடுத்த வரிக்கு நகர்த்தி, தட்டி, விரலை வைத்து மறுபடி படித்துக்கொண்டிருந்தார்.