எக்ஸிக்யூட்டிவ், ரீனல் கேர்

அப்பாவின் இடது கையில் மணிக்கட்டுக்கு மேலே தொட்டால் கிர்ரென்று ஓர் அதிர்வு இருக்கும். டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக ஆபரேஷன் செய்து ரத்தக் குழாய்களை இணைத்த இடம் அது. தினமும் காலையில் ஆபீஸ் கிளம்பும் முன் அங்கே விரலை வைத்துப் பார்ப்பேன். "ஓடறதாடி உன் மோட்டார்?" என்று அப்பா கிண்டல் செய்வார். எனக்குச் சிரிப்பு வராது. அது நின்றுவிட்டால் என்ன ஆகும் என்று டாக்டர் சொன்னது மட்டும்தான் மனசில் இருக்கும்.

வாரத்துக்கு இரண்டு நாள் அடையாரில் ஒரு சின்ன நர்ஸிங் ஹோமில் அவருக்கு டயாலிசிஸ். அங்கே மெஷினை ஓட்டத் தெரிந்தவர் ஒரே ஒரு டெக்னீஷியன். அந்த மனுஷனுக்கு மஸ்கட்டில் வேலை கிடைத்துவிட்டது. மாசக் கடைசியில் கிளம்புகிறேன் என்று அவர் சொன்னபோது, படுத்திருந்த அப்பாவை நான் பார்க்கவே இல்லை. மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய ஆஸ்பத்திரிகளில் கேட்டால் இடமில்லை, மூச்சுத் திணறினால் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார்கள். திணறினால்! அதற்காகக் காத்திருக்கணுமாம்.

நான் வேலை பார்த்தது தி.நகரில், ஒரு துணிக்கடை மாடியில் இயங்கிய வேலைவாய்ப்பு வெப்சைட்டில். இன்டர்நெட் என்றாலே ஜனங்கள் பிரவுசிங் சென்டருக்கு ஓடிய காலம். கம்பெனிகள் அனுப்பும் காலியிடங்களை விளம்பரமாக எழுதி ஏற்றுவது என் வேலை. அந்த நர்ஸிங் ஹோம் டாக்டரிடம் நானே பேசி, ஆள் தேடும் பொறுப்பை எங்கள் ஆபீஸுக்கு வாங்கி வந்தேன். அப்பா விஷயத்தை மட்டும் ஆபீஸில் சொல்லவில்லை. சொன்னால் அழுதுவிடுவேன் என்று பயம்.

எங்கள் முதலாளிக்கு ஒரு வழக்கம். எந்த வேலையாக இருந்தாலும் தலைப்பில் எக்ஸிக்யூட்டிவ் என்று சேர்த்துவிடுவார். வீடு வீடாக சோப்பு விற்பவர் எக்ஸிக்யூட்டிவ், போன் எடுக்கும் பெண் எக்ஸிக்யூட்டிவ், ஏன், நானே கன்டென்ட் எக்ஸிக்யூட்டிவ்தான். கம்பெனிக்காரர்களுக்கும் அது கௌரவமாக இருக்கும். ஆக, எங்கள் விளம்பரத்தின் தலைப்பு 'எக்ஸிக்யூட்டிவ், ரீனல் கேர்' என்று ஆனது, அதாவது சிறுநீரகப் பராமரிப்பு அதிகாரி. முதல் வரி, 'முன்னணி மருத்துவமனை ஒன்றுக்கு ஆர்வமும் துடிப்பும் மிக்க இளைஞர்கள் தேவை'. டயாலிசிஸ் என்கிற வார்த்தை நாலாவது பத்தியில் எங்கேயோ ஒளிந்திருந்தது.

விளம்பரத்தைத் திறந்து பார்ப்பவர்களின் க்ளிக் என்னவோ கொட்டோ கொட்டென்று கொட்டியது. முதலாளிக்கு வாயெல்லாம் பல். வந்த பயோடேட்டாக்களை நான் ஒவ்வொன்றாகப் படித்தேன். எம்.பி.ஏ. முடித்தவர், மருந்துக் கம்பெனி ரெப், பூச்சிமருந்து விற்றவர். 'ஐ ஆம் டைனமிக்' என்று ஒருத்தர் மூன்று தடவை எழுதியிருந்தார். ரத்தம் பார்த்தால் மயக்கம் வராதா என்று ஒருவரிடம் போனில் கேட்டேன். "ரத்தமா? எதுக்கு மேடம்?" என்றார்.

மாசக் கடைசி வந்தது. டெக்னீஷியன் கடைசியாக அப்பாவுக்கு ஊசியை எடுத்துக் கட்டுப் போட்டுவிட்டு, "நான் இன்னா மேடம் செய்றது, ரெண்டு பொண்ணு கீது எனக்கு" என்றார். அவரைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. மஸ்கட் வேலையை எப்படிப் பிடித்தீர்கள் என்று மட்டும் கேட்டேன். பிரவுசிங் சென்டரில்தானாம். "லிஸ்ட் நீளமா ஓடும். காசு போய்க்கினே இருக்கும். டயாலிசிஸ்னு கண்ணுல பட்டா நிறுத்துவேன், இல்லாட்டி போய்க்கினே இருப்பேன்."

ஆபீஸுக்குப் போய், வேலை தேடுகிறவர்கள் பார்க்கும் பக்கத்தைத் திறந்தேன். அதுவரை எழுதுகிறவளாகவே பார்த்த பக்கம். லிஸ்டில் தலைப்பும் முதல் வரியின் ஆரம்பமும் மட்டும்தான் தெரியும், மீதி வெட்டுப்பட்டுவிடும். 'முன்னணி நிறுவனம் ஒன்றுக்கு', 'முன்னணி நிறுவனம் ஒன்றுக்கு', நடுவில் நர்ஸிங் ஹோமுக்காக நான் எழுதிய 'முன்னணி மருத்துவமனை ஒன்றுக்கு'. அடக்கடவுளே, இதில் எங்கப்பாவுக்கு வரவேண்டிய அடுத்த டெக்னீஷியன் எதைக் கண்டு நிறுத்துவார்?

முதலாளியிடம் போய், தலைப்பை 'டயாலிசிஸ் டெக்னீஷியன், அடையார், சென்னை' என்று மாற்றணும் என்றேன்.

"ஏம்மா, டெக்னீஷியன்னு போட்டா டிவி ரிப்பேர் பண்றவன்லாம் வருவான். க்ளிக்கும் படுத்துடும். டாக்டருக்கு நான் என்ன கணக்கு காட்டுறது?"

"டயாலிசிஸ்னு முதல்லயே இருக்கு சார், டிவிக்காரர் ஏன் வரப்போறார்? படுத்தா படுக்கட்டும். எங்கப்பா அந்த மெஷின்லதான் சார் படுத்திண்டிருக்கார்!"

கத்திவிட்டேன். டைப் அடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் நிறுத்திவிட்டார்கள். முதலாளி கண்ணாடியைக் கழற்றி, மறுபடி போட்டுக்கொண்டார். "முதல்லயே சொல்லக் கூடாதாம்மா?" என்றவர், தன் நாற்காலியை எனக்குத் தள்ளினார்.

முதல் வரியை அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். வெட்டுப்படும் முன்னால் எல்லாம் வந்துவிடவேண்டும். 'டயாலிசிஸ் மெஷினைத் தனியாக இயக்கத் தெரிந்தவர், பகல் ஷிஃப்ட் மட்டும், உடனே சேரவேண்டும்.' சம்பளம், படிப்பு, அனுபவம் எல்லாம் அதற்குக் கீழே. துடிப்பும் ஆர்வமும் போயே போச்சு.

மறுநாள் பார்த்தால் க்ளிக் நிஜமாகவே படுத்துவிட்டது. விரல் விட்டு எண்ணலாம். நானே கெடுத்துவிட்டேனோ? கூட்டத்தில் ஒருத்தராவது சரியான ஆளாக வந்திருப்பாரோ, அவரையும் விரட்டிவிட்டேனோ? அப்பாவுக்கு ஒரு டயாலிசிஸ் தவறிப்போயிருந்தது. கால் இரண்டும் வீங்கி, செருப்பு நுழையவில்லை. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினார். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால், உட்கார்ந்தால் சரியாகிவிடுகிறது என்பார். குடிக்கத் தண்ணீர் கேட்பார். அளவுக்கு மேல் தரக்கூடாது. "ஒரு வாய்டி" என்பார். அம்மா சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள்.

பயத்தோடுதான் அடுத்த நாள் ஆபீஸ் போனேன். மத்தியானம் போன் வந்தது. பாலவாக்கத்திலிருந்து ஒரு பெண். பெரிய ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் பிரிவில் இருந்தவள், குழந்தை பிறந்தபின் நைட் ஷிஃப்ட் ஒத்துவராமல் விட்டுவிட்டாளாம். "பகல் மட்டும்னு போட்டிருந்தீங்களே, நிஜமாவா?" என்றாள். நிஜம்தான், நாளைக்கே வாங்கோ, கையோடு சர்ட்டிபிகேட் எடுத்துண்டு வாங்கோ என்று ஒரே மூச்சில் சொன்னேன். டாக்டர் அவளைப் பார்த்து, மெஷினை ஓட்டச் சொல்லி, உடனே வைத்துக்கொண்டார்.

அப்பாவுக்கு முதல் ஊசியை அவள் போட்டபோது நான் கால்மாட்டில் நின்றிருந்தேன். வீங்கிய அவர் பாதத்தில் என் கட்டைவிரலை அழுத்தினால் குழி விழுந்தது, நிரம்ப மாட்டேனென்றது. குழாயில் ரத்தம் சிவப்பாக ஏறி ஓட ஆரம்பித்தபிறகுதான் என் மூச்சு வெளியே வந்தது.

"வேலை தேட ஆரம்பிச்சு எவ்வளவு நாளாச்சு?" என்று பேச்சுக்குக் கேட்டேன்.

"ரெண்டு மூணு வாரமா தினமும் பார்க்குறேங்க. உங்க சைட்டுல ஏதோ ரீனல் எக்ஸிக்யூட்டிவ்னு ஒண்ணு கண்ணுல படும். கோட்டு போட்டவங்களுக்கு போலன்னு தினமும் அதைத் தாண்டிப் போயிடுவேன்" என்று சொல்லிக்கொண்டே பிளாஸ்டரை ஒட்டினாள்.

நான் குனிந்து அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டேன். அப்பாவுக்குக் காது நன்றாகக் கேட்கும்.

"சரி, விடு. வந்துட்டாளோன்னோ" என்றார் என்னிடம், கண்ணைத் திறக்காமலே.

அவர் காலை நான் விடவில்லை. மெஷின் ஓய்கிறவரை அந்தக் குழியிலேயே விரலை வைத்துக்கொண்டு நின்றேன்.