சிவப்பக்கா திருத்தாத வரி

வெளிநாட்டு ஆய்வகங்களுக்குச் சாம்பிள் அனுப்பி ரிப்போர்ட் வாங்கித் தரும் கம்பெனி எங்களுடையது. இங்கிருந்து போகும் ஆங்கில மெயில் ஒவ்வொன்றும் முதலில் என் பக்கத்து சீட் அக்காவிடம் போகும். அவர் திரையில் சிவப்பில் திருத்துவார். சிவப்பை அழித்துவிட்டு, எழுதியவர் பேரிலேயே அனுப்புவார். அதனால் சிவப்பக்கா. பதினொரு வருஷமாக அதே வேலை, அதே கிறீச்சிடும் நாற்காலி. வீட்டுக்காரர் முதுகொடிந்து படுத்ததிலிருந்து அக்காவின் சம்பளத்தில்தான் அந்த வீடே ஓடியது.

எங்கள் டீம் லீடருக்கு ஒரு வியாதி. "குட் யூ டெல் மீ வென் இஸ் த ரிப்போர்ட் ரெடி" என்றுதான் எழுதுவான். மூன்று வருஷத்தில் ஒரு நாள்கூட மாறவில்லை. முதல் நாளே அக்கா ஒரு தரம் தன்மையாகச் சொல்லிப் பார்த்தார்.

"தம்பி, 'வென் இஸ் த ரிப்போர்ட் ரெடி'ன்னு நேரா கேட்டா சரி. முன்னாடி 'குட் யூ டெல் மீ' போட்டீங்கன்னா கேள்வி அங்கேயே முடிஞ்சுது. பின்னாடி வர்றது சாதாரண வாக்கியம் மாதிரிதான் வரணும். 'வென் த ரிப்போர்ட் இஸ் ரெடி'. 'டிட்', 'டஸ்' வந்தாலும் எடுத்துடணும். 'வென் டிட் இட் கம்' இல்ல, 'வென் இட் கேம்'."

"சின்ன விஷயம்க்கா. நீங்க மாத்திடுங்க," என்று போய்விட்டான்.

அக்கா மாற்றினார். மாற்றிக்கொண்டே இருந்தார். அதன் பலனை அந்தப் புண்ணியவான் எப்படித் தின்றான் தெரியுமா? மூன்று வருஷமாகத் தன் மெயிலில் ஒரு குறைகூட வரவில்லை, சரிபார்க்க எதற்குத் தனியாக ஒரு ஆள் என்று தலைமை அலுவலகத்துக்கு எழுதிப் போட்டான். அக்கா சீட்டை எடுத்துவிட்டால் தனக்கு மேனேஜர் பதவி வாங்கிக்கொள்ளலாம் என்று கணக்கு. மேலேயும் தலையாட்டினார்கள். ஒரு மாதம் சோதனை. அவன் மெயில் நேராகப் போகும். எல்லாம் சரியாக இருந்தால் மாதக் கடைசியில் அக்கா வீட்டுக்கு.

நான் அக்கா பக்கம் திரும்பிக் கேட்டேன். "என்னக்கா, சும்மா இருக்கீங்க?"

"நான் என்ன செய்யணும்? அவர் எழுதட்டும்," என்றார் அக்கா. குரலில் ஒரு சூடும் இல்லை. ஆனால் அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே மூடினார். அந்த முகத்தைப் பார்த்தபோது எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

பதினாறாவது நாள் ஒரு வெளிநாட்டு ஆய்வகத்தின் தலைவி தலைமை அலுவலகத்துக்கே எழுதிவிட்டார். இவ்வளவு நாள் தங்களுக்கு நல்ல ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டிருந்தவர் வேலையை விட்டுவிட்டாரா, இப்போது அவர் பேரில் யார் எழுதுகிறார்கள் என்று கேட்டிருந்தார்.

தலைமை அலுவலகம் அக்காவை விசாரித்தது. அக்கா ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசவில்லை. லீடர் அனுப்பிய மூலம் இடப்பக்கம், திருத்தி அனுப்பியது வலப்பக்கம் என்று மூன்று வருஷத்தையும் ஒரே கோப்பாக அனுப்பிவைத்தார். நானூற்றுப் பன்னிரண்டு மெயில். எப்போது சேர்த்துவைத்தார் என்று கேட்டேன்.

"முதல் நாள்லேர்ந்து. 'சின்ன விஷயம்'னு சொன்னார் பாரு, அன்னைக்கு."

அக்கா சீட் தப்பியது. லீடரிடமிருந்து டீமைப் பிடுங்கி, கீழ்த்தளத்தில் பார்சல் பதிவுக்கு மாற்றினார்கள். அக்கா அத்தோடு விட்டிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். நான் நினைக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அவன் மேலே வந்தான். சட்டைகூடத் தேய்க்கவில்லை. கையில் லேப்டாப்.

"அக்கா, நடந்தது நடந்துபோச்சு. மேலிடத்துக்கு முறையீடு எழுதியிருக்கேன். அவங்க பார்க்கப்போறது என் இங்கிலீஷைத்தான். ஒரே ஒரு தடவை பார்த்துக் குடுங்க. உங்களை விட்டா எனக்கு யாரு?"

அக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். நிதானமாக, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தார். எட்டிப் பார்த்த எனக்கு நடுவில் இருந்த வரி பளிச்சென்று தெரிந்தது: "ஐ வுட் லைக் டு நோ வாட் இஸ் மை மிஸ்டேக்." 'வாட் மை மிஸ்டேக் இஸ்' என்று இருக்க வேண்டும். அக்காவின் விரல் அந்த வரியில் ஒரு கணம் நின்றது.

"நல்லா எழுதியிருக்கீங்க தம்பி. ஒண்ணும் மாத்த வேண்டாம். அப்படியே அனுப்புங்க."

அவன் கண் கலங்கிவிட்டது. நன்றிக்கா, நன்றிக்கா என்று இரண்டு தரம் சொல்லிவிட்டு, எங்கள் கண் முன்னாலேயே அனுப்பு பொத்தானை அழுத்தினான். நானும் வாயைத் திறக்கவில்லை.