முதுகு காட்டிப் பேசிய இடம்

ஹட்டன் ரயில் ஸ்டேஷனுக்கு மேலே உள்ள ரோட்டில், ஒரு புடவைக் கடையின் மாடியில்தான் எங்கள் அறை. கீழே துணி விரிக்கும் சத்தம், வெளியே பஸ் கண்டக்டர்களின் கூச்சல், இதற்கு நடுவில் உட்கார்ந்து சத்தங்களை எழுத்தாக்குவது என் வேலை. பிள்ளைகளுக்கான பாட வீடியோக்களுக்கு, காது கேளாதவர்கள் வாசிக்கத் திரையில் வசனம் போடுவேன். கண் தெரியாதவர்கள் கேட்க, படத்தில் நடப்பதைச் சொல்லும் குரல்வழியையும் எழுதுவேன். "அதுக்கெல்லாம் ஒரு ஆளா?" என்று கேட்டவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், வந்தால் லேசில் இறங்காது.

அந்த வீடியோ விஞ்ஞானப் பாடம். செடி இலை வழியாக நீரை வெளியே விடுகிறது என்று காட்ட வேண்டும். காலையில் தேயிலைக் கிளை ஒன்றில் பொலித்தீன் பையைக் கட்டிவிட்டால், பகலில் பைக்குள்ளே துளித்துளியாகத் தண்ணீர் நிற்கும். பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடம் ஒன்றில், சம்பளமில்லாத தொண்டராசிரியையாக இருந்த ஒரு பெண் அதைச் செய்து காட்டினாள். முதலில் தமிழில் சொல்வாள், அதையே சிங்களத்திலும் சொல்வாள். இரண்டும் அவள் வாயில் அத்தனை அழகு. எங்களிடம் வீடியோ வந்து சேரும் முன்பே அவள் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

எழுதி முடித்ததும் பார்த்துச் சொல்ல ஆட்களைக் கூப்பிடுவோம். அன்றைக்கு வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் பார்வையில்லாத சங்கீத ஆசிரியர், எங்களுக்கு சங்கீத சேர். மற்றவர் அந்தப் பெண்ணின் அம்மா, நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பத்து வயதில் வந்த காய்ச்சலில் அந்த அக்காவுக்குக் காது போய்விட்டது. அதற்குள் பேசவும் வாசிக்கவும் பழகியிருந்ததால் பேச்சு நின்றுவிடவில்லை. குரல் மட்டும் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். எதிரில் இருப்பவரின் உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வார். மகளைத் திரையில் பார்க்கலாம் என்றதும் கொழுந்து பறிக்கப் போகாமல், முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார்.

படத்தை ஓட விட்டேன். அந்த அக்கா பாடத்தைப் பார்த்த மாதிரி தெரியவில்லை. மகள் முகம் வந்ததுமே இவர் முகம் மலர்ந்துவிட்டது. மகளின் உதடு அசைய அசைய இவருடைய உதடும் அசைந்தது. கீழே நான் போட்டிருந்த வசனம் சரியாக இருக்கிறதா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஒரு தாய் பிள்ளையை ஆசை தீரப் பார்த்துக்கொண்டிருக்கும்போது குறுக்கே போய் எழுத்தளவு போதுமா என்றா கேட்பது?

பை கட்டும் இடம் வந்தது. அந்தப் பெண் செடிப் பக்கம் திரும்பிக் குனிகிறாள். நமக்குத் தெரிவது முதுகு மட்டும். பேச்சு இல்லாத இடம் என்று குறித்துக்கொண்டு, குரல்வழிக்கு அந்த இடைவெளியைத்தான் நான் எடுத்திருந்தேன். 'தேயிலைக் கிளை ஒன்றின் மேல் பொலித்தீன் பையைப் போர்த்துகிறார். பையின் வாயை நூலால் இறுக்கிக் கட்டுகிறார்.' அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி அந்த இடைவெளிக்குள் அது உட்கார்ந்துவிட்டது என்று எனக்குப் பெருமை வேறு. திரையில் '(காற்று வீசும் ஓசை)' என்று மட்டும் போட்டிருந்தேன்.

"நிப்பாட்டுங்க மிஸ்," என்றார் அந்த அக்கா. "இந்த எடத்துல அவ என்னா சொன்னா?"

அவர் பக்கம் முகத்தைத் திருப்பி, "ஒண்ணும் சொல்லலீங்க அக்கா. பை கட்டுறாங்க, அவ்வளவுதான்," என்றேன்.

"இல்ல. தோள் ஆடுது பாருங்க, பேசுறா. படம் புடிச்ச அன்னைக்கு நான் அங்கதான் நின்னேன். எனக்குத் தெரியக்கூடாதுன்னா சின்ன வயசுலருந்தே அவ திரும்பிக்கிட்டுத்தான் பேசுவா. எங்க வீட்டுல அதுதான் ரகசியம். அப்பறமா எத்தனையோ வாட்டி கேட்டேன், சொல்லவே இல்ல."

சங்கீத சேர் தலையைச் சாய்த்தார். "சொல்லுறேனேன்னு கோவிச்சுக்காதீங்க மிஸ். உங்க வெளக்கம் ஓடுற எடத்துல, அடியில யாரோ பேசுற மாதிரிதான் எனக்கும் கேட்டுச்சு. காத்து இல்ல அது."

எனக்குச் சுருக்கென்றது. ஒருவர் பேசும்போது அவர் பேச்சின் மேல் விளக்கத்தை ஏற்றக்கூடாது என்பது இந்த வேலையின் அரிச்சுவடி. விளக்கத்தை அணைத்தேன். ஹெட்போனை மாட்டி, சத்தத்தைக் கூட்டினேன். அவளுடைய துப்பட்டாவில் குத்தியிருந்த சின்ன மைக் எல்லாவற்றையும் பிடித்து வைத்திருந்தது. கேமரா பிடித்தவரிடம் அடிக்குரலில் பேசியிருக்கிறாள். ஒரு தடவை கேட்டேன். மறுபடியும் கேட்டேன். அதற்குமேல் கேட்க முடியவில்லை.

ஹெட்போனைக் கழற்றியபோது அந்த அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் சொல்வதா, விடுவதா? அவருக்கு என்று அவள் சொன்னதல்ல அது. தெரியக்கூடாது என்றுதானே திரும்பினாள்.

"அது பாடம் இல்லீங்க அக்கா. அவங்க சொந்தப் பேச்சு."

"சேருக்குக் கேட்டுச்சு. ஒங்களுக்கும் கேட்டுச்சு. இத போட்டுப் பாக்குற பிள்ளைங்களுக்கும் கேக்கும். எனக்கு மட்டும் காத்தா?"

கேட்பவர்களுக்குக் கிடைப்பது கேளாதவர்களுக்கும் கிடைக்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்லித் திரிகிறவள் நான். காற்று வீசும் ஓசையை அழித்தேன். அவள் சொன்னதைச் சொன்னபடியே, இரண்டு இரண்டு வரியாக அடித்தேன். அடைப்புக்குறிக்குள் '(மெதுவாக, குரல் தழுதழுக்க)' என்றும் போட்டேன். பிறகு அந்த இடத்தை ஓட விட்டேன். மகளின் முதுகுக்குக் கீழே எழுத்து வந்தது.

'பாஸ்போட் வந்துருச்சுண்ணே. அம்மா மொகத்தப் பாத்து சொல்ல முடியல.'

'போவாதன்னு அவங்க ஒரு வார்த்த சொன்னா நின்னுருவேன்.'

அந்த அக்கா இன்னொரு தடவை போடச் சொன்னார். போட்டேன். அழவில்லை. அடைப்புக்குறியில் இருந்ததை விரலால் தொட்டு, "இப்புடியா சொன்னா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

திரையிலிருந்து விரலை எடுத்துக்கொண்டு, "இத பிள்ளைங்க கேக்க வேணாம் மிஸ். எழுத்தையும் எடுத்துருங்க, சத்தத்தையும் எடுத்துருங்க. யாருக்கும் வேணாம்," என்றார்.

எடுத்தேன். மைக் சத்தத்தை அந்த இடத்தில் அடக்கி, வேறொரு இடத்துக் காற்றை அதன் மேல் ஒட்டினேன். என் விளக்கத்தைத் திரும்பவும் போட்டேன். சேர் கேட்டுவிட்டு, இப்போது சுத்தமாக இருக்கிறது என்றார். அவள் சிங்களத்தில் சொன்னதை வைத்து வெட்டிய பிரதியிலும் அதே காட்சி இருந்தது, அங்கேயும் அப்படியே செய்தோம். பாடம் பிழையில்லாமல் முடிந்துவிட்டது. ஆனால் ஒரு பெண்ணின் குரலை என் கையாலேயே துடைத்த வருத்தம் இன்னும் போகவில்லை. எங்கள் வீட்டிலும் ஒருத்தி, என் தங்கச்சி, டுபாயில் வேலைக்கு இருக்கிறாள். அவள் போனில் சிரித்துப் பேசும்போதெல்லாம் அந்த அடிக்குரல் என் காதுக்குள் வந்துவிடுகிறது. அவளும் இங்கேயே இருந்திருக்கலாமே என்று மனசு கிடந்து அடித்துக்கொள்ளும்.

பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் அந்த அக்காவோடு நடந்தேன். தூறல் போட்டது. பொகவந்தலாவை பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, கண்ணாடியைத் தள்ளித் திறந்தார். ரகசியம் சொல்வதாகத்தான் நினைத்திருப்பார். தன் குரலின் அளவு அவருக்குத் தெரியாதே, பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அவளுக்குப் போவணும்னு ஆசன்னு நெனச்சேன் மிஸ். நான் அழுதா மனசு மாறிருவான்னு, சிரிச்சுக்கிட்டே போயிட்டு வான்னு அனுப்பிட்டேன்."