கரையில் நின்ற பூதம்

கடற்கரையை ஒட்டிய திரேஸ்புரத்துச் சந்துகளைக் கட்டம் கட்டமாக அவள் வரைந்தாள். அதற்குள் ஆட்டக்காரனைத் துரத்த ஒரு பூதத்தை ஓடவிடுவது என் வேலை. கல்லூரி முடித்த கையோடு நாங்கள் இருவரும் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து செய்த கணினி விளையாட்டு அது.

பூதத்துக்கு மூளை கிடையாது. ஆட்டக்காரன் நிற்கும் கட்டத்துக்குப் பூஜ்யம், அதை ஒட்டி நடக்க முடிகிற கட்டங்களுக்கு ஒன்று, அவற்றை ஒட்டியவற்றுக்கு இரண்டு என்று சந்து முழுக்க எண் பரவும். பக்கத்தில் எது ஒன்று குறைவோ அங்கே பூதம் நகரும். அதுதான் மிகக் குறுகிய வழி. ஆட்டக்காரன் நகர்ந்ததும் புது எண்கள் பழையவற்றின் மேல் விழுந்துவிடுமே என்ற சோம்பலில், பழையதை நான் அழிக்கவே இல்லை.

ஒருநாள் ஆடிப் பார்க்கையில் அவள் ஆட்டக்காரனை வள்ளத்தில் ஏற்றிக் கடலுக்குள் கொண்டுபோனாள். கடலில் நடக்க முடியாது. அதனால் புது எண் எதுவும் கரைக்கு வரவில்லை. பழைய எண்களைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்த பூதம், வள்ளம் புறப்பட்ட இடத்தில் அப்படியே நின்றது.

"என் தப்புதான் ஏளா, இப்பமே திருத்திருதேன்" என்றேன்.

"வேண்டாம்ல. பாவம், நிக்கட்டும்" என்றாள்.

அடுத்த மாதம் அவள் வேலை கிடைத்து ஜெர்மனி போய்விட்டாள். திருத்த நிரலில் ஒரு வரி போதும், இன்றுவரை எழுதவில்லை. சாயங்காலமானால் வண்டியை எடுத்துக்கொண்டு, வள்ளங்களைப் பார்த்து அவள் வரைந்துகொண்டிருந்த அந்தக் கரைக்குப் போய் நிற்கிறேன்.