நாற்பது செக்கனில் நான் வெட்டிய வரி

உள்துறைமுக வீதியில் உள்ள சிக்கனச் சங்கத்தின் வங்கிக் கிளையில் முகாமையாளராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். போன பங்குனியில் இப்போதைய முகாமையாளர் தொலைபேசியில் அழைத்தார்.

"சேர், ஒரு சின்ன வீடியோ செய்யோணும். நிலையான வைப்புக்கும் தொடர் வைப்புக்கும் என்ன வித்தியாசம் எண்டு. நாப்பது செக்கன்தான். அதுக்கு மேல ஒருத்தரும் பாக்கிறேல்ல."

மறுநாள் சலவைச் சட்டையோடு போய் நின்றேன். கணக்கும் என்னுடையதுதான். வட்டி வருடத்துக்குப் பத்து வீதம் என்று வைத்துக்கொண்டேன். நிலையான வைப்பில் ஒரு இலட்சத்து இருபதாயிரத்தை ஒரேயடியாகப் போட்டால், வருட முடிவில் வட்டி பன்னிரண்டாயிரம். தொடர் வைப்பில் மாதம் பத்தாயிரமாகப் பன்னிரண்டு மாதம் போட்டால், போட்ட தொகை அதேதான். வட்டி ஆறாயிரத்து ஐந்நூறு. முதல் மாதப் பத்தாயிரத்துக்குப் பன்னிரண்டு மாத வட்டி கிடைக்கும். கடைசி மாதப் பத்தாயிரத்துக்கு ஒரு மாத வட்டிதான். பன்னிரண்டாயிரமும் ஆறாயிரத்து ஐந்நூறும் திரையில் பக்கத்துப் பக்கத்தில் பெரிதாக விழுந்தன. அழகாகத்தான் இருந்தது.

எடுத்து முடித்துப் பார்த்தால் ஐம்பது செக்கன்.

"எங்கயாவது வெட்டோணும், சேர்" என்றார் முகாமையாளர்.

தொடக்கத்தில் என்னைப் பற்றிய அறிமுகம் இருந்தது: முப்பது வருட அனுபவம், அது, இது. அதைத் தொடவேண்டாம் என்றேன். முடிவில் இருந்த வரிகளை வெட்டச் சொன்னேன்: 'மொத்தமாகக் காசு கையில் இருப்பவருக்கு நிலையான வைப்பு. மாதம் மாதம் மீதம் பிடிப்பவருக்குத் தொடர் வைப்பு. வட்டி வீதம் இரண்டுக்கும் ஒன்றுதான்.' இது யாருக்குத்தான் தெரியாது என்று வேறு கேட்டேன்.

வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. மீன் வாங்கப் போன இடத்தில்கூட ஒருவர் என்னை அடையாளம் கண்டு வாளை மீனை விலை குறைத்துத் தந்தார். எனக்குத் தலைகால் தெரியவில்லை.

மூன்று கிழமை கழித்து ஓய்வூதியப் பணம் எடுக்கக் கிளைக்குப் போனேன். சல்லிக் கிராமத்தில் கருவாடு போடும் ஒரு பெண், பழைய வாடிக்கையாளர், என்னைக் கண்டதும் எழுந்து வந்தாள்.

"சேர், உங்கட வீடியோவ நாலு தரம் பாத்தனான். பிறகுதான் விளங்கினது, இவ்வளவு நாளும் இவையள் எனக்குப் பாதி வட்டியத்தான் தந்திருக்கினம்."

"யார் சொன்னது?"

"நீங்கள்தானே சொன்னனீங்கள்! பன்னிரண்டு எங்க, ஆறரை எங்க? தொடர் வைப்ப உடைச்சன். நாப்பதாயிரம் வந்தது. மிச்சத்துக்கு வளையல் நாலையும் அடகு வச்சு, எண்பதாயிரம் எடுத்து, ஒரு லட்சத்து இருபதாயிரமும் நிலையான வைப்பில போட்டாச்சு. கெட்டிக்காரிதானே நான்?"

மனதுக்குள் கணக்குப் போட்டேன். அடகு வட்டி பதினெட்டு வீதம். எண்பதாயிரத்துக்கு வைப்பு எட்டாயிரம் கொடுக்கும். அடகு பதினாலாயிரத்து நானூறு பிடுங்கும்.

"வளையல் யாருக்கு, பிள்ளை?"

"மகளுக்கு. ஆவணியில கலியாணம். வட்டி வந்த உடன மீட்டுடுவன்."

வைப்பு முதிர்வது அடுத்த பங்குனியில். அதை அவள் யோசிக்கவில்லை. வட்டி வீதம் இரண்டுக்கும் ஒன்றுதான் என்று தெரிந்திருந்தால் கடன் வாங்கிப் போட்டிருக்கவே மாட்டாள். அந்த வரியைத்தான் நான் வெட்டியிருந்தேன். அங்கேயே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன், அறிமுகத்துக்காக எதை வெட்டினேன் என்பதையும்.

"அப்ப உங்கட பேருக்காக என்ர வளையல் போச்சு?"

"ஓம்" என்றேன்.

முகாமையாளர் வைப்பை இடையில் உடைத்துக் கொடுத்தார். ஒரு மாதம்கூட ஆகாததால் வட்டி எதுவும் இல்லை. அடகுக்கோ ஒரு மாத வட்டி, ஆயிரத்து இருநூறு. அதை நான் கட்டுகிறேன் என்றேன். மறுப்பாள் என்று உள்ளுக்குள் கொஞ்சம் எதிர்பார்த்தேன் போலும்.

"பின்ன? நீங்கள்தான் கட்டோணும்" என்றாள்.

அடகுக் கடைக்குக் கூடவே போனேன். வளையல்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து வாங்கினாள். திரும்பி வந்து கையிலிருந்த நாற்பதாயிரத்தை நிலையான வைப்பில் போட்டாள். மாதாமாதம் கருவாட்டில் மிஞ்சுவதற்குத் தொடர் வைப்பை மறுபடி முதல் மாதத்திலிருந்து தொடங்கினாள். பழைய வைப்பை முன்கூட்டியே உடைத்ததில் போன வட்டி போனதுதான். அதையும் நானே தருகிறேன் என்றபோது, "அது என்ர அவசரம், சேர்" என்று விட்டாள்.

அன்றே வீடியோவைத் திரும்ப எடுத்தோம். என் அறிமுகம் இல்லை. வெட்டிய வரிகள் முன்னால் வந்தன.

புதியதை அவ்வளவு பேர் பார்க்கவில்லை. பழையது இன்னும் யார் யாருடைய போனிலோ ஓடிக்கொண்டிருக்கிறது. அதைப் பார்த்து இன்னும் எத்தனை பேர் எதை அடகு வைத்தார்களோ, எனக்குத் தெரியாது. வீதியில் யாராவது வீடியோ நல்லாயிருந்தது என்றால், எதைப் பார்த்தனீங்கள் என்று மறித்துக் கேட்கிறேன். சிலர் இப்போதெல்லாம் என்னைக் கண்டால் அடுத்த பக்கம் மாறி நடக்கிறார்கள்.