பத்து இருந்தால் ஸ்டைல்

“என் வெட்டுல இது தப்புன்னு ஒரே ஒருத்தர் விரல் நீட்டட்டும். அன்னிக்கே இந்த மீசையை எடுத்துடறேன்!”

இப்படிச் சவால் விட்டவர் கத்திரி. வீடியோ எடிட்டர். மருந்துக்கடைக்கு மேலே, ஜன்னலைக் கறுப்புத் துணியால் மூடிய ஒற்றை அறையில் இருபது வருடமாகக் கல்யாணங்களையும் கம்பெனிகளையும் வெட்டி ஒட்டியவர். பெற்றவர்கள் வைத்த பெயர் வங்கிக்கு மட்டும்தான் ஞாபகம். மீசை அப்படியல்ல. இரண்டு மானிட்டர் வெளிச்சத்தில் அது தனி ஆளாகவே உட்கார்ந்திருக்கும்.

ஒரு வியாழக்கிழமை ஊர் ஆலையின் விளம்பர அதிகாரி வந்தார். திங்கட்கிழமை அரசுத் தொழிற்சாலை ஆய்வாளர் முன்னால் போட வேண்டிய பாதுகாப்புப் படம். எடுத்ததோ ஒரே பேட்டி, ஒரே கேமரா, ஒரே கோணம். கொதிகலன் இயக்குபவர் நாற்காலியில் அமர்ந்து, முழங்காலில் கைவைத்துப் பன்னிரண்டு நிமிடம் பேசுகிறார். பின்சுவரில் கடிகாரம். நடுவே மூன்று நிமிடம் அவர் குரல் தாழ்கிறது.

“அழுத்தம் ஏறினா தானா திறக்க வேண்டிய வால்வு இந்த மாசம் மூணு தடவை திறக்கல. நாலாவது தடவை சொல்றதுக்கு நான் இருப்பேனான்னு தெரியாது.”

“இந்த இடம் வேணாம்,” என்றார் அதிகாரி.

“அவர் இப்ப எங்க சார்?”

“லீவுல.”

“எப்ப வருவார்?”

“லீவு லெட்டர்ல அந்தத் தேதி போடல.”

கத்திரி மேற்கொண்டு கேட்கவில்லை. வெட்டத் தெரிந்த கைக்கும் கேள்வி கேட்க வேண்டிய வாய்க்கும் நடுவே அவருக்கு எப்போதுமே லைன் கிடைத்ததில்லை.

மூன்று நிமிடத்தை எடுத்தார். முழங்காலில் இருந்த கை சட்டென்று தாடையில் இருந்தது. கடிகாரம் நாலு நிமிடத்திலிருந்து ஏழுக்குத் தாவியது. பச்சைக் குழந்தைக்கும் தெரியும், இங்கே எதையோ பிடுங்கியிருக்கிறார்கள் என்று. மேலே போட்டு மறைக்க இயந்திரம், குழாய் என்று ஒரு ஷாட்கூட இல்லை.

“அசிங்கமா இருக்கே!” என்று பதறினார் அதிகாரி.

“ஒண்ணு இருந்தா தப்பு சார். பத்து இருந்தா ஸ்டைல்.”

முதல் நிமிடத்திலேயே ஒரு தாவல் வைத்தார், ‘இந்தப் படம் இப்படித்தான் பேசும்’ என்று கண்ணுக்குச் சொல்லிக் கொடுக்க. பிறகு வாக்கியம் முடியும் இடமாகப் பார்த்து, தாளம் போட்டு, மேலும் எட்டு. அடியில் துள்ளலான இசை. கடிகாரம் எங்கும் தாவியதால் எங்கே தாவியது என்று கேட்க ஆளில்லை. அந்த மூன்று நிமிடம் கூட்டத்தில் கலந்து காணாமல் போனது. “திங்கட்கிழமை நீங்களே கொண்டுவந்து போட்டுடுங்க,” என்று அதிகாரி கைகுலுக்கிவிட்டுப் போனார். மீசை ஒரு சுற்று பெருத்தது.

சனிக்கிழமை மச்சினன் வந்தான். மனைவியின் தம்பி, அதே ஆலையில் பேக்கிங் பிரிவு. அடுத்த வாரம் முதல் அவனைக் கொதிகலன் அறைக்கு மாற்றியிருந்தார்கள். படத்தைப் பார்த்தவன் தொடையில் தட்டினான்.

“செம ஸ்டைல் மாமா! ஆமா, வால்வு மக்கர் பண்ணுதுன்னு பசங்க பேசிக்கிட்டாங்களே, அவர் அதைப் பத்தி ஒண்ணுமே சொல்லலையே?”

கத்திரி மவுஸைத் துடைத்தார்.

“அப்ப சரி பண்ணிட்டாங்க,” என்று அவனே முடிவு கட்டினான். “இல்லன்னா அந்த மனுஷன் சும்மா விடுவாரா? நான்தான் வீணா பயந்துட்டேன்.”

சிரித்துக்கொண்டே படியிறங்கினான். தொலைவில் ஆலைச் சங்கு ஊதியது. அறையில் டீ கிளாஸ் லேசாக அதிர்ந்தது. தினமும் அதிர்வதுதான், அன்றுதான் அவர் அதைப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அறையைத் திறந்து, இருபது வருடத்தில் செய்யாத காரியத்தைச் செய்தார். மற்ற ஒன்பது தாவல்களையும் எடுத்துவிட்டு, வெட்டிய இடங்களைப் பழையபடி இணைத்தார். இசையை நீக்கினார். பத்தாவதை, மூன்று நிமிடம் போன அந்த இடத்தை மட்டும், அம்மணமாக விட்டார்.

திங்கட்கிழமை ஆலை சாப்பாட்டுக் கூடத்தில் படம் ஓடியது. கொதிகலன் இயக்குபவர் அமைதியாக, சீராகப் பேசினார். திடீரென்று கை முழங்காலிலிருந்து தாடைக்குப் பாய்ந்தது. கூடத்தில் நாற்காலிகள் கிறீச்சிட்டன. விளம்பர அதிகாரி வெளுத்துப்போனார்.

ஆய்வாளர் அம்மா கண்ணாடியைச் சரிசெய்து, திரையை நோக்கி விரல் நீட்டினார்.

“அந்தக் கடிகாரம் ஏன் குதிச்சுது?”

“அது... நவீன ஸ்டைல் மேடம்,” என்றார் அதிகாரி.

“படம் முழுக்க ஒரே ஒரு இடத்துல மட்டுமா? எடிட்டர் யாருங்க?”

கத்திரி எழுந்தார்.

“தப்புங்க மேடம். என் கைத் தப்பு.”

“விட்டுப்போனது இருக்கா?”

“மூணு நிமிஷம். கையிலயே இருக்கு.”

போட்டார்கள். ‘நாலாவது தடவை’ என்று அந்தக் குரல் சொன்னபோது, கடைசி வரிசையில் பக்கத்து ஆளோடு சிரித்துக்கொண்டிருந்த மச்சினன் சிரிப்பதை நிறுத்தினான்.

கொதிகலனை அணைத்துவிட்டதால் அன்று மாலை ஆலைச் சங்கு ஊதவில்லை. விளம்பர அதிகாரியின் தொலைபேசி மட்டும் கத்திரியை ஏழு முறை தேடியது.

குளியலறையிலிருந்து வெளியே வந்தவரைப் பார்த்து மனைவி கரண்டியைக் கீழே போட்டாள்.

“என்னங்க இது! காலைல இருந்துச்சு, இப்ப காணோம்! ஸ்டைலா?”

வெறும் மேலுதட்டைத் தடவிக்கொண்டார்.

“தப்பு,” என்றார்.